கல்லூரியை நடுவில் விட்டு வேறு இடத்தில் சேர டிசி, நன்னடத்தைச் சான்று கேட்கும் கடிதம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

வாசுகி_கோபி | வியாழன், மாலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலைக் கல்லூரியில் ஜூலையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்தான். போன வாரம் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவன் ஆசைப்பட்டதே அதுதான். அப்பா தறி ஓட்டுகிறார், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரசுக் கல்லூரி என்றால் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரும் புதன்கிழமைக்குள் சேர வேண்டும் என்று ஒதுக்கீட்டு ஆணையில் போட்டிருக்கிறது. ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல், டிசி, நன்னடத்தைச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். அவை எல்லாம் பழைய கல்லூரியில் இருக்கின்றன. நேற்று அப்பா போய் வாயால் கேட்டதற்கு, "இரண்டாம் செமஸ்டர் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாருங்கள், முடிந்தால் மூன்று வருடத்துக்கும் கட்ட வேண்டியிருக்கும்" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டான். அதற்கு, "காண்டக்ட்ல என்ன எழுதணும்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

நாளைக்குக் கடிதமாகக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்:

"ஐயா, நான் தங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு பயின்று வருகிறேன். குடும்பச் சூழ்நிலை மற்றும் உடல்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை. எனவே என்னுடைய எல்லாச் சான்றிதழ்களையும், நான் செலுத்திய கட்டணத்தையும் கருணை கூர்ந்து திருப்பித் தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா?

---

நொய்யல்கரை | வியாழன், மாலை 6.45

எதற்குங்க இவ்வளவு பயம்? கல்லூரிகள் ஒரிஜினலை வைத்துக்கொள்ளவே கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டுவிட்டது. கட்டின பணமும் முழுசாகத் திரும்ப வரும். கடிதத்தில் "கருணை கூர்ந்து" எல்லாம் வேண்டாம். "24 மணி நேரத்தில் சான்றிதழும் பணமும் தராவிட்டால் நீதிமன்றம் போவேன்" என்று எழுதுங்கள், ஓடிவந்து தருவார்கள்.

---

தறிக்காரன்_மகன் | வியாழன், இரவு 7.20

எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. என் பையனை எட்டாவதில் பள்ளி மாற்றும்போது பீஸ் பாக்கி என்று டிசி தர மாட்டேன் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் தளத்தில் கொடுக்கிற இமிஸ் எண்ணை வைத்துப் புதுப் பள்ளியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒரு மனு கொடுங்கள், ஒரே நாளில் முடியும்.

---

வாசுகி_கோபி | வியாழன், இரவு 7.35

அண்ணா, இது பள்ளி இல்லைங்க, கல்லூரி. முதன்மைக் கல்வி அலுவலர் இதைப் பார்ப்பாரா என்று தெரியவில்லை.

---

பழைய_சூப்பிரண்டு | வியாழன், இரவு 9.05

அம்மிணி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் டிசி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் முதல்வர் கையெழுத்துக்குப் போகும். உன் கடிதத்தைப் படித்தேன். இந்தக் கடிதம் உள்ளே போனால் எங்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில், "எல்லாச் சான்றிதழ்களையும் திருப்பித் தர" என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்பது ஒரே பொருள் இல்லை, இரண்டு வகை. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் உன் தம்பியின் சொத்து. சேரும்போது சரிபார்க்கக் கொடுத்தான், அதைத் திருப்பித் தர வேண்டும். டிசியும் நன்னடத்தைச் சான்றும் அப்படி இல்லை. அவை இன்னும் எழுதப்படவே இல்லை. கல்லூரி புதிதாக எழுதித் தர வேண்டியவை. பள்ளியில் வாங்கி வந்த டிசி கல்லூரிக் கோப்பிலேயே இருந்துவிடும், அது திரும்ப வராது, வரவும் வேண்டியதில்லை. புது இடத்தில் கேட்பது கடைசியாகப் படித்த நிறுவனத்தின் டிசி. இதைப் பிரித்து எழுதாவிட்டால் கிளார்க் மதிப்பெண் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, "கேட்டதைக் கொடுத்துவிட்டோம்" என்று அனுப்பிவிடுவார். நீ புதன்கிழமை அங்கே போய் டிசி இல்லாமல் நிற்பாய்.

அடுத்தது தேதி. டிசி புத்தகத்தில் கல்லூரியை விட்ட நாள், விட்டபோது படித்த வகுப்பு, விட்ட காரணம், டிசிக்கு விண்ணப்பித்த நாள் என்று கட்டங்கள் இருக்கும். உன் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. "பயின்று வருகிறேன்" என்று எழுதினால் அவன் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கிற மாணவன். பதிவேட்டில் இருக்கிறவனுக்கு டிசி எழுத முடியாது. எந்தத் தேதியோடு நிற்கிறான் என்பதை அவன்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பணம். இதைக் கவனமாகக் கேள். டிசி கேட்கும் கடிதத்தில் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், அந்தத் தாள் அலுவலகத்தில் இருந்து கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போகும். தாளாளர் ஊரில் இல்லை என்றால் அங்கேயே கிடக்கும். முதல்வரே கையெழுத்துப் போட்டுத் தரக்கூடிய விஷயத்தை நீயே அவர் கையில் இருந்து எடுத்து வேறு மேசைக்கு அனுப்புகிறாய். பணத்துக்குத் தனிக் கடிதம் எழுது, அது பிறகு.

உடல்நிலை என்று எழுதாதே. அவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? டிசியில் காரணம் என்கிற கட்டத்தில் அதையே எழுதிவிடுவார்கள். அப்புறம் மருத்துவக் கல்லூரியில் சேரும்போது, "உடல்நிலை சரியில்லை என்று நின்றவர்" என்ற தாளை நீட்டுவீர்களா? உள்ளதைச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

---

அவிநாசி_அப்பா | வியாழன், இரவு 9.40

நடைமுறையில் ஒரு வழி சொல்கிறேன். படித்த பள்ளிக்கே போய் டிசி தொலைந்துவிட்டது என்று சொல்லி டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலும் அப்படியே வாங்கலாம். நடுவில் கல்லூரியில் படித்ததையே சொல்ல வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் சேர்ந்தான், இன்றைக்கு வேலையிலும் இருக்கிறான்.

---

பழைய_சூப்பிரண்டு | வியாழன், இரவு 10.15

அண்ணா, தயவு செய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். தொலையாத சான்றிதழைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுப்பது பொய் உறுதிமொழி. முன்பு அது ஊருக்குள் மறைந்திருக்கலாம். இப்போது கல்லூரி மாணவர் விவரமெல்லாம் பதிகிற அரசின் யூமிஸ் தளத்தில் பையன் பெயர் முதல் கல்லூரியில் ஏறியிருக்கும். புதுக் கல்லூரி அவனைச் சேர்க்கப் போகும்போது, ஏற்கெனவே ஓர் இடத்தில் இருப்பதாக அதுவே காட்டும். இது ஒரு நாள் தாமதத்தில் போகிற விஷயம் இல்லை, கிடைத்த இடமே போய்விடும்.

---

நொய்யல்கரை | வியாழன், இரவு 10.30

இப்போது ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் சொல்லியிருக்கிறதே? அப்படியானால் டிசி எதற்கு? பழைய இடத்தில் பெயர் இருந்தால்தான் என்ன?

---

பழைய_சூப்பிரண்டு | வெள்ளி, காலை 6.20

தம்பி, நீங்கள் சொல்கிற இரண்டுமே பாதி சரி. இரண்டு பட்டத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. காலை முதல் மாலை வரை ஆஸ்பத்திரியில் நிற்கிற படிப்போடு இன்னொரு பகல் நேரக் கல்லூரி எப்படி நடக்கும்? அதோடு சேர்க்கும் நிறுவனம் டிசி கேட்கிறது, அது கேட்டதைக் கொடுத்தாக வேண்டும்.

2018 அறிவிப்பும் அப்படித்தான். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், நகல்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது சரி. பணம் முழுசாக வரும் என்பது தவறு. கல்லூரி அறிவித்த சேர்க்கையின் கடைசி நாளை வைத்துத்தான் கணக்கு. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை, 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் முடிந்து 15 நாள் வரை 80, 16-ஆம் நாளில் இருந்து 30-ஆம் நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு வந்த வருடங்களில் இன்னும் தாராளமாகச் சுற்றறிக்கை விட்டார்கள், அதிலும் 2024-ல் அக்டோபர் 31-தான் எல்லை. இப்போது நவம்பர் பாதி. ஆகவே இந்தப் பையனுக்கு முதல் செமஸ்டர் பணம் வராது என்று வைத்துக்கொண்டே பேசுவோம். காப்புத் தொகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது முழுசாக வர வேண்டும்.

24 மணி நேரக் கெடு வைத்து எழுதுவதும் வேண்டாம். மிரட்டுகிற தாளை எந்த முதல்வரும் தானாக முடிவு செய்ய மாட்டார், வக்கீலுக்கு அனுப்புவார். நமக்கு இருப்பது நான்கு வேலை நாள்.

---

வகுப்பறை_மீனா | வெள்ளி, காலை 7.50

நான் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். கல்லூரிப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நவம்பரில் ஒருவன் போனால் அந்த இடம் மூன்று வருடமும் காலிதான். பல்கலைக்கழகம் அதற்கு மேல் சேர்க்க விடாது. 40 பேர் வகுப்பில் ஐந்து பேர் இப்படிப் போனால் அந்தச் சம்பளம் எங்களுக்குத்தான் தள்ளிப்போகிறது. அதனால் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள், அது பையன் மேல் உள்ள பகை இல்லை.

இன்னொன்று. உச்ச நீதிமன்றம் 2003-ல் இஸ்லாமிய அகாதெமி வழக்கில் மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கக் கூடாது, ஒரு செமஸ்டருக்கோ ஒரு வருடத்துக்கோதான் வாங்கலாம் என்றது. அதே தீர்ப்பில், நடுவில் போய்விடுவார் என்று நினைத்தால் மீதிக் கட்டணத்துக்குப் பத்திரமோ வங்கி உத்தரவாதமோ எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. எங்கள் நிர்வாகம் அதைத்தான் காட்டும். வாசுகி, சேரும்போது அப்பா ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா?

---

வாசுகி_கோபி | வெள்ளி, காலை 8.10

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். விண்ணப்பத்தின் பின்பக்கம் நிறைய அச்சடித்திருந்தது, கீழே கையெழுத்துப் போட்டேன் என்கிறார். முத்திரைத் தாள் எதுவும் இல்லையாம். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

---

பழைய_சூப்பிரண்டு | வெள்ளி, காலை 8.25

மீனா அம்மா சொன்ன தீர்ப்பு உண்மைதான். என் கருத்து இது: பத்திரம் இருந்தால் அதை வைத்து அவர்கள் பணம் கேட்கட்டும், வழக்கும் போடட்டும். அதற்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்க முடியாது. சான்றிதழ் அடகு வைக்கிற நகை இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில், கட்டணப் பாக்கியை வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது என்று சொன்னது. அது பள்ளிகள் பற்றிய வழக்கு, அதனால் கடிதத்தில் அதை எழுத வேண்டாம். பேச்சு வந்தால் சொல்லலாம்.

இன்னும் தொடங்காத இரண்டாம் செமஸ்டருக்குக் கட்டணம் பாக்கி என்று சொல்வதற்கும் இடமில்லை. அதனால்தான் கல்லூரியை விட்ட தேதி முக்கியம் என்றேன். முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு தேதியை எழுத்தில் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்தக் கட்டணமும் அவன் கணக்கில் ஏறக் கூடாது. வாயால் பேசிக்கொண்டே டிசம்பர் தாண்டிவிட்டால் நீயே அவர்களுக்குக் காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கடிதத்தை இப்படி மாற்றிக்கொள். பையனே கையால் எழுதட்டும், அக்கா எழுதக் கூடாது.

> அனுப்புநர்: பெயர், முதலாம் ஆண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல், சேர்க்கை எண், பதிவு எண், முகவரி, கைப்பேசி எண்
>
> பெறுநர்: முதல்வர் அவர்கள், கல்லூரியின் பெயர்
>
> வழி: துறைத்தலைவர், கணினி அறிவியல் துறை
>
> பொருள்: படிப்பிலிருந்து விலகுதல், மாற்றுச் சான்றிதழ் மற்றும் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுதல், மூலச் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நான் ஜூலை மாதம் முதல் இக்கல்லூரியில் மேற்கண்ட வகுப்பில் பயின்றேன். துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வில் எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆணையின் நகலை இணைத்துள்ளேன். ஆகவே இன்று, வெள்ளிக்கிழமை, முற்பகலுடன் இக்கல்லூரிப் படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.
>
> வரும் புதன்கிழமைக்குள் நான் அங்குச் சேர வேண்டும். எனவே மாற்றுச் சான்றிதழையும், இக்கல்லூரியில் பயின்ற காலத்திற்கான நன்னடத்தைச் சான்றிதழையும் செவ்வாய்க்கிழமைக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> சேர்க்கையின்போது ஒப்படைத்த பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ் ஆகிய மூலச் சான்றிதழ்களையும் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். யூமிஸ் தளத்தில் என் பதிவை விடுவித்துத் தருமாறும் வேண்டுகிறேன்.
>
> நூலகம், துறை, ஆய்வகம் ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற படிவத்தையும் அடையாள அட்டையையும் இணைத்துள்ளேன்.
>
> இங்கு எனக்குக் கற்பித்த ஆசிரியர்களுக்கும் தங்களுக்கும் நன்றி.
>
> மாணவர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம், நாள்

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் வாங்கும் மேசையில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். முத்திரை போட மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே முதல்வர் பெயருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரி மின்னஞ்சலுக்கும் படம் எடுத்து அனுப்புங்கள்.

---

பவானி_கதிர் | வெள்ளி, காலை 9.00

நானும் போன வருடம் பி.காம். முதலாண்டு முடித்துவிட்டு வேறு கல்லூரிக்கு இரண்டாம் ஆண்டுக்கு மாறினேன். இந்தக் கடிதம் மட்டும் போதாது. இரண்டு கல்லூரியிலும் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழக அனுமதி, இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எல்லாம் கேட்டார்கள். என் டிசியில் "அடுத்த ஆண்டுக்குத் தகுதி பெற்றவர்" என்ற வரி இல்லை என்று ஒரு மாதம் அலைய விட்டார்கள். இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க ஐயா.

---

பழைய_சூப்பிரண்டு | வெள்ளி, காலை 9.20

கதிர், உங்களுடையது அதே படிப்பைத் தொடர்வது. அங்கே அந்த வரி உயிர் மாதிரி. இந்தப் பையன் வேறு படிப்பில் முதலாண்டிலிருந்து தொடங்குகிறான், பல்கலைத் தேர்வே எழுதவில்லை. அவன் டிசியில் "முதலாண்டில் இடைநின்றவர்" என்று வந்தாலே போதும். நீங்கள் மாறியது ஒரே பாரதியார் பல்கலைக்குள். யாராவது நாமக்கல் பக்கம் பெரியார் பல்கலையில் இருந்து இங்கே வருவதாக இருந்தால் இடப்பெயர்வுச் சான்று தனியாக வேண்டும். அதைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

---

வாசுகி_கோபி | வெள்ளி, மதியம் 1.40

கடிதம் கொடுத்தாகிவிட்டது. நூலகத்தில் ஒரு புத்தகம் பாக்கி, பைன் 34 ரூபாய் கட்டிப் பாக்கி இல்லாப் படிவம் முடித்தான். துறைத்தலைவர் ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்ததும் தம்பியின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள், பிரதியில் முத்திரையும் வாங்கிவிட்டான். ஆனால் "திங்கட்கிழமை வா, தாளாளரிடம் கேட்க வேண்டும்" என்று சொன்னார்கள். நன்னடத்தையில் ஏதாவது எழுதிவிடுவார்களோ என்றுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

---

வகுப்பறை_மீனா | வெள்ளி, மாலை 4.15

அந்தப் பயம் வேண்டாம் வாசுகி. நன்னடத்தைச் சான்று வழக்கமாக ஒரே வாசகம்தான், "நன்று" அல்லது "மிக நன்று". வேறு மாதிரி எழுத வேண்டுமானால் மாணவன் கோப்பில் ஏதாவது இருக்க வேண்டும். விளக்கம் கேட்ட கடிதம், ஒழுங்குக் குழு நடவடிக்கை, இடைநீக்கம் இப்படி. கவுண்டரில் குரலை உயர்த்தியதற்குத் தாள் எதுவும் கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை போகும்போது தம்பி அந்தக் கிளார்க்கிடம், "அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அது சான்றுக்காக இல்லை, சொல்ல வேண்டியது என்பதற்காக.

---

பழைய_சூப்பிரண்டு | வெள்ளி, மாலை 6.00

கடிதத்தில் "பயின்ற காலத்திற்கான" என்று சேர்த்ததும் இதற்குத்தான். ஜூலை முதல் நவம்பர் வரை மட்டும்தான் அவர்கள் சாட்சி சொல்ல முடியும்.

இடையில் சும்மா இருக்காதீர்கள். சனிக்கிழமையே மருத்துவக் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்குப் போய், முத்திரை வாங்கிய பிரதியைக் காட்டி, டிசி ஓரிரு நாள் தாமதமானால் உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். ஆனால் விண்ணப்பித்ததற்கு ஆதாரம் இருப்பவனை நடத்துகிற விதமே வேறு.

திங்கட்கிழமையும் இழுத்தால், அதே கடிதத்தின் நகலோடு கோவையில் உள்ள கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுங்கள். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் பதிவு செய்யலாம், ஆனால் அது புதன்கிழமைக்குள் வேலைக்கு ஆகாது.

---

அவிநாசி_அப்பா | வெள்ளி, இரவு 8.30

நான் முதலில் சொன்ன யோசனை தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்ப் பெரியவர் யாராவது தாளாளருக்குத் தெரிந்தவராக இருந்தால் ஒரு போன் போடச் சொல்வதில் தவறு இல்லையே? நம் பக்கம் பாதி வேலை அப்படித்தானே நடக்கிறது.

---

பழைய_சூப்பிரண்டு | வெள்ளி, இரவு 9.10

செய்யலாம். ஆனால் கடிதம் கொடுத்த பிறகு செய்யுங்கள், கடிதத்துக்குப் பதிலாக வேண்டாம். போனில் வந்த சிபாரிசு அந்தப் போனோடு போய்விடும், கோப்பில் தாள் இருக்காது.

---

வாசுகி_கோபி | செவ்வாய், மாலை 5.25

டிசி, நன்னடத்தைச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் இன்றைக்கு மதியம் கைக்கு வந்துவிட்டன. நேற்று முழுக்க உட்கார வைத்தார்கள். இரண்டாம் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டச் சொல்லி மறுபடியும் கேட்டார்கள். தம்பி முத்திரை வாங்கிய பிரதியைக் காட்டி, "நான் வெள்ளிக்கிழமையே விலகிவிட்டேன் சார், அந்த செமஸ்டர் இன்னும் தொடங்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். இன்று காலை முதல்வரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடத்தை "நன்று" என்று இருக்கிறது. அந்தக் கிளார்க் அண்ணனிடம் தம்பி மன்னிப்புக் கேட்டான், அவரே தேதிக் கட்டத்தைச் சரிபார்த்துக் கொடுத்தாராம்.

ஒரே ஒரு சிக்கல். டிசியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கிறது. நாளைக்குச் சேரும்போது பிரச்சினை ஆகுமா?

---

பழைய_சூப்பிரண்டு | செவ்வாய், மாலை 5.50

மனசுக்கு நிறைவாக இருக்கிறது அம்மிணி. எழுத்து மாறாமல் இனிஷியல் முன்பின் ஆவதைப் பெரும்பாலும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். பிறந்த தேதி மதிப்பெண் பட்டியலோடும், சாதி சாதிச் சான்றோடும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துவிடு. நீங்களாகப் பேனா வைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. திருத்தம் வேண்டும் என்றால் முதல்வர் பக்கத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். லேமினேஷன் போடாதே. டிசி அங்கே கொடுத்தால் திரும்ப வராது, அதனால் இன்று ராத்திரியே ஐந்தாறு நகல் எடுத்து வை. டூப்ளிகேட் டிசி வாங்குவதற்குக் காவல் நிலையம் வரை அலைய வேண்டும்.

---

வகுப்பறை_மீனா | செவ்வாய், இரவு 7.05

வாழ்த்துகள். யூமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று கேட்டீர்களா? அதற்குத் தாள் தர மாட்டார்கள், அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் புதுக் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும்.

---

வாசுகி_கோபி | வியாழன், இரவு 8.15

நேற்றுச் சேர்ந்துவிட்டான். இனிஷியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

யூமிஸில் இன்னும் பழைய கல்லூரிதான் காட்டுகிறது என்று புது அலுவலகத்தில் சொன்னார்கள். பழைய இடத்தில் கேட்டால், அதைப் பார்க்கிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம். காப்புத் தொகை 2,000 ரூபாய்க்குத் தனிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் அன்றைக்கே தம்பி கொடுத்து முத்திரை வாங்குவான். அதற்கு ரசீதின் ஒரிஜினலை இணைக்க வேண்டுமா, நகல் போதுமா ஐயா?

---

பழைய_சூப்பிரண்டு | வியாழன், இரவு 8.40

நகலை இணை. ஒரிஜினலைக் கையில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள். பணம் வந்த பிறகு கேட்டால் கொடுக்கலாம்.